கிலோக் கணக்கா, உருப்படிக் கணக்கா?

கிலோக் கணக்கில் துவைத்துத் தரும் கடைகளில் பெரும்பாலும் இரண்டு விலை இருக்கும். துவைத்து மடித்துக் கொடுக்க ஒன்று, துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்க இன்னொன்று. தெருமுனை இஸ்திரி வண்டியிலோ உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். மடித்துத் தர கிலோவுக்கு 80 ரூபாய், இஸ்திரியோடு 120, வண்டியில் உருப்படிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சட்டை ஒன்று சுமார் 200 கிராம். இஸ்திரியோடு கடையில் கொடுத்தால் 24 ரூபாய். மடித்து மட்டும் வாங்கி வண்டியில் கொடுத்தால் 16-ம் 10-மாக 26. ஜீன்ஸ் 650 கிராம் இருந்தால் நிலைமை தலைகீழ்: கடையிலேயே இஸ்திரி என்றால் 78 ரூபாய், வண்டிக்குக் கொடுத்தால் 62. இஸ்திரி போடுகிற வேலை ஜீன்ஸுக்கு மூன்று மடங்கு ஆகாது. கூலி மட்டும் எடைக்கேற்ப ஏறிவிடுகிறது. இரண்டு கிலோ விலைக்கும் இடையே 40 ரூபாய் வித்தியாசம். உருப்படிக் கூலி 10-ஐ அதனால் வகுத்தால் 250 கிராம். அதற்குக் குறைந்த எடையுள்ள துணிக்கு இஸ்திரியோடு சேர்ந்த கிலோ விலை லாபம்; கூடுதல் எடைக்கு வண்டிதான் லாபம்.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 36 கிலோ துணி என்று கொள்வோம். சட்டை, யூனிஃபார்ம் என 60 உருப்படி, 12 கிலோ. பேன்ட், ஜீன்ஸ் 20 உருப்படி, 10 கிலோ. மீதி 14 கிலோ துண்டு, படுக்கை விரிப்பு, நைட்டி. இவற்றுக்கு இஸ்திரியே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 120 விலையில் கொடுத்தால் 4,320 ரூபாய். பிரித்துக் கொடுத்தால் சட்டைகளுக்கு 1,440, பேன்ட்டுகளுக்கு வண்டிக் கூலியோடு 1,000, மீதிக்கு 1,120, ஆக 3,560. மூட்டையைப் பிரித்ததில் மட்டும் 760 ரூபாய் மிச்சம். வீட்டு மெஷினில் துவைத்து, அந்த 80 உருப்படியை வண்டிக்கு அனுப்பினால் இஸ்திரிக் கூலி 800 ரூபாயோடு முடியும். சோப்புத்தூள், கரண்ட் செலவு தனி. மெஷின் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பணம் சத்தமில்லாமல் போகும் இடம் தராசு. குளித்துவிட்டுப் போட்ட ஈரத் துண்டு மூட்டைக்குள் இருந்தால் தண்ணீருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள். 4.2 கிலோவை 5 கிலோவாக எழுதும் கடையும் உண்டு. 120 விலையில் அது 96 ரூபாய். கொக்கித் தராசில் வீட்டிலேயே நிறுத்து, அரைக் கிலோ குறைந்தால் அடுத்த வாரத் துணியோடு சேர்த்துக் கொடுக்கலாம். ரசீதில் எடையோடு உருப்படி எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். எடையை மட்டும் எழுதினால், காணாமல் போன ஒரு சட்டையை நிரூபிக்க வழியே இருக்காது.