வாடகைக்கு விட்ட கடை: கணக்கேட்டில் ஒரு லாபம், வரிக்கு வேறொரு லாபம்

சொந்தத் தொழிலுக்கோ உடனே விற்பதற்கோ அல்லாமல், வாடகைக்காகவோ விலையேற்றத்துக்காகவோ ஒரு நிறுவனம் வைத்திருக்கும் கட்டடத்தை முதலீட்டுச் சொத்து என்கிறார்கள். வாங்கியது முதல் விற்பது வரை அது நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு விதமாகவும் வருமான வரிக் கணக்கில் வேறு விதமாகவும் பதிவாகிறது. இதை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்க்கலாம்.

சென்னையில் அச்சுத்தொழில் செய்யும் ஒரு தனியார் நிறுவனம், 2017 ஏப்ரல் 1 அன்று அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளக் கடையை வாங்குகிறது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து அடக்கவிலை 1 கோடியே 20 லட்சம் ரூபாய். இந்தத் தொகையை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு 60 லட்சம், கட்டடத்துக்கு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. மொத்தத் தொகைக்கும் தேய்மானம் போட்டுவிடுவது பல ஏடுகளில் காணப்படும் பிழை.

கடைக்கு மாத வாடகை 40,000 ரூபாய். வாடகைதாரர் தந்த 4 லட்சம் ரூபாய் அட்வான்ஸ், காலிசெய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம். ஆகவே அது வருமானத்தில் சேராது. பொறுப்பாகவே ஏட்டில் நிற்கும். வாடகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி 7,200 ரூபாயும் வசூலாகிறது. வாடகைதாரர் டிடிஎஸ் என்று 4,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி 43,200 ரூபாயை வங்கியில் செலுத்துகிறார். வங்கிக்கு வந்த தொகையை அப்படியே வாடகை என்று எழுதினால் தவறு. வங்கிக் கணக்கில் 43,200, டிடிஎஸ் கணக்கில் 4,000 என இரண்டும் பற்று. வாடகை வருமானம் 40,000, அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 7,200 என இரண்டும் வரவு. மார்ச் மாத வாடகை ஏப்ரலில் வந்து சேர்ந்தாலும், அது மார்ச்சில் முடியும் ஆண்டின் வருமானம்தான்.

ஆண்டு முடிவில் தேய்மானம் எழுத வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை கான்கிரீட் கட்டடத்துக்குக் காட்டும் ஆயுள் 60 ஆண்டு. கடைசியில் எஞ்சும் மதிப்பாக 5 சதவீதத்தை, அதாவது 3 லட்சத்தை, விட்டுவிட்டால் மீதி 57 லட்சம். அதை 60-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 95,000 ரூபாய் தேய்மானம். அந்த வட்டாரத்தில் கடை விலை ஏறிக்கொண்டே போனாலும் இந்தத் தேய்மானத்தை நிறுத்த முடியாது. விலையேற்றத்தை விற்கும் முன்பே லாபமாகக் காட்டவும் கூடாது.

வருமான வரிச் சட்டம் வேறு வழியில் போகிறது. வாடகைக்கு விடுவதே முதன்மைத் தொழிலாக இல்லாத இந்த நிறுவனத்தின் வாடகை, ‘வீட்டுச் சொத்து வருமானம்’ என்ற தலைப்பில் வரும். கடைக்கும் தலைப்பு அதுவே. ஆண்டு வாடகை 4,80,000 ரூபாயில், கட்டிய சொத்து வரி 20,000 ரூபாயைக் கழித்தால் 4,60,000. அதில் 30 சதவீதமான 1,38,000 ரூபாயைச் சட்டமே தள்ளுபடி செய்கிறது. மீதி 3,22,000 ரூபாய்க்கு வரி. செலவு எவ்வளவு ஆனாலும் அந்த 30 சதவீதம் மாறாது. அதற்கு மேல் தேய்மானம் என்று தனியாக எதுவும் கழிக்க முடியாது. வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் வாடகையைத் தொழில் வருமானமாகக் கருதலாம் என்று சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அவர்களின் கணக்கு வேறு.

2025 மார்ச் 31 அன்று கடை 2 கோடி ரூபாய்க்கு விற்பனையாகிறது. தரகு 2 லட்சம் போக நிற்பது 1 கோடியே 98 லட்சம். எட்டு ஆண்டுத் தேய்மானம் 7,60,000 ரூபாய். அடக்கவிலையில் அதைக் கழித்தால் ஏட்டு மதிப்பு 1,12,40,000. ஆகவே கணக்கேட்டில் லாபம் 85,60,000 ரூபாய். விற்ற தொகை முழுவதையும் வருமானமாக எழுதக் கூடாது. அடக்கவிலையும் சேர்ந்திருந்த தேய்மானமும் ஏட்டிலிருந்து நீங்க, இந்த லாபம் மட்டுமே லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும்.

வரிக் கணக்கிலோ தேய்மானம் கழிக்கப்படவே இல்லை. அடக்கவிலை 1 கோடியே 20 லட்சமாகவே நிற்கிறது. எனவே மூலதன ஆதாயம் 78 லட்சம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் இதற்கு வரி 12.5 சதவீதம், அதாவது 9,75,000 ரூபாய், செஸ் தனி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்குப் பணவீக்கக் குறியீட்டைக் கழித்து 20 சதவீத வரியோடு ஒப்பிட்டு, குறைவானதைக் கட்டும் சலுகை, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே உண்டு. நிறுவனத்துக்கு இல்லை.

இரண்டு லாபங்களுக்கும் உள்ள வித்தியாசம் 7,60,000 ரூபாய், எட்டு ஆண்டுத் தேய்மானத் தொகையேதான். வித்தியாசம் இதோடு ஒத்துவராவிட்டால், நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்த இடத்தையோ தேய்மானப் பதிவேட்டையோ மறுபடி பார்க்க வேண்டும். வாங்கிய பத்திரத்தையும் அந்தப் பதிவேட்டையும் விற்கும் நாள் வரை பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.