திருப்புதல் ஸ்லைடிலிருந்து குறுக்கெழுத்து: விளக்கம் வேறு, குறிப்பு வேறு

உயிரியல் ஆசிரியரான நண்பர் ஒருவர், தாவர உடலியல் பாடத்துக்கான திருப்புதல் ஸ்லைடுகளை அனுப்பி, "இதுல இருக்கிற கலைச்சொல்லை வெச்சு ஒரு குறுக்கெழுத்து போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். ஸ்லைடில் சொல்லும் இருக்கு, அதன் விளக்கமும் இருக்கு. விளக்கத்தையே குறிப்பாக ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். தமிழில் அது சரிவராது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் எழுத்து எண்ணிக்கை. கட்டத்துக்கு ஒரு எழுத்து. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம். பச்சையம் என்பது ப, ச், சை, ய, ம் என ஐந்து கட்டம். பைத்தானின் `len` புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்று சொல்லும். `regex` என்ற தொகுப்பின் `\X` சரியாகப் பிரிக்கும்:

```python
import regex
w = "பச்சையம்"
print(len(w))                       # 8
print(len(regex.findall(r"\X", w))) # 5
```

க்ஷ மாதிரியான கூட்டெழுத்து வந்தால் மட்டும் அது இரண்டாகப் பிரித்துவிடும், கையால் சரிபார்க்கணும்.

அடுத்தது குறிப்பு. நம் கலைச்சொற்களில் பெரும்பாலானவை காரணப்பெயர்கள். அதனால் விளக்கத்துக்குள்ளேயே விடை உட்கார்ந்திருக்கும். "இலைகளிலிருந்து நீர் ஆவியாக வெளியேறுதல்" என்று போட்டால் நீர், ஆவி இரண்டையும் ஒட்டி மாணவர் நீராவிப்போக்கு என்று எழுதிவிடுவார். பாடம் படித்திருக்கவே தேவையில்லை. "தாவரத்தின் பச்சை நிறமி" என்பதும் அப்படித்தான்.

இதற்கு வழி, சொல்லின் பொருளை விட்டுவிட்டு அதன் விளைவைக் கேட்பது. "இலைக் கிளையை பாலித்தீன் பையால் மூடிக் கட்டினால் உள்ளே நீர்த்திவலை படியக் காரணம் (7)" என்றால் விடை நேரடியாக வெளியே தெரியாது, ஆனால் அந்தச் சோதனையைப் புரிந்துகொண்டவருக்கு உடனே பிடிபடும். 'நீர்' என்ற சொல்லும் உறுத்தினால் 'திவலை' என்று மட்டும் வைக்கலாம். பச்சையத்துக்கு "சிவப்பு, நீல ஒளியை அதிகம் உறிஞ்சும் நிறமி (5)" போதும்.

மூன்றாவது சிக்கல்தான் முக்கியமானது. நண்பரின் ஸ்லைடில் ஒளிச்சேர்க்கை பற்றி "பகலில் இலையில் நடக்கும் முக்கிய நிகழ்வு" என்று ஒரு வரி இருந்தது. நீராவிப்போக்கும் பகலில் இலையில் நடப்பதுதான். இரண்டுக்கும் ஏழு எழுத்து. எண்ணிப் பாருங்கள்: ஒ-ளி-ச்-சே-ர்-க்-கை, நீ-ரா-வி-ப்-போ-க்-கு. இரண்டிலும் ஆறாவது எழுத்து 'க்'. இரண்டையும் அந்த 'க்'கில் குறுக்கே வைத்தால், மாணவர் விடைகளை இடம் மாற்றி எழுதினாலும் கட்டம் கச்சிதமாகப் பொருந்தும். தப்பு என்று கட்டம் சொல்லவே சொல்லாது.

ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், அதனால் ஒரு சொல்லைப் பல இடத்தில் வேறு சொற்கள் வெட்டும். தமிழில் உயிர்மெய்யெல்லாம் தனி எழுத்து. பச்சையத்தின் 'சை'யிலிருந்து சைலம் கீழே இறங்கும், அதன் 'ம்' புளோயத்தின் கடைசியில் சேரும். ஆனால் இலைத்துளை இந்தச் சொற்கள் எதனோடும் சேராது. இப்படி வெட்டும் இடங்கள் குறைவதால், கட்டம் செய்ய வேண்டிய சரிபார்ப்பையும் குறிப்பே செய்தாகணும். ஒட்டாத சொல்லை விட்டுவிடலாம். அதை ஒட்டவைக்கப் பாடத்தில் இல்லாத சொல்லைக் கொண்டுவர வேண்டாம்.

சைலம், புளோயம் ஜோடியில் வேறொரு ஓட்டை. இரண்டுக்கும் "கடத்தும் திசு" என்று கொடுத்தால், மூன்று கட்டமா நான்கு கட்டமா என்று பார்த்தே எழுதிவிடலாம். ஒரே சோதனையை இரண்டாகப் பிரித்தால் வித்தியாசம் புரிந்தால்தான் எழுத முடியும்:

- மரப்பட்டையை வளையமாக உரித்தால் அறுபடுவது. வேர் பட்டினி கிடக்கும் (4)
- அப்படி உரித்த பிறகும் இலை உடனே வாடாததற்குக் காரணமான திசு (3)

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கட்டத்தையும் எழுத்து எண்ணிக்கையையும் மறைத்து, குறிப்புகளை மட்டும் அதே பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு குறிப்புக்கு அவர் இரண்டு விடை சொன்னால் அந்தக் குறிப்பை மாற்றணும். பாடமே தெரியாத ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால், அதையும் மாற்றணும்.