படம் எடுத்தது 2019-இல், கோப்பு பிறந்தது 2024-இல்

விண்டோஸ் கணினியில் ஒரு பழைய திருமணப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Properties-ஐத் திறந்தால், மூன்று தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். Created என்ற இடத்தில் 9 மே 2024. Modified என்ற இடத்தில் 10 பிப்ரவரி 2019. Accessed என்ற இடத்தில் பெரும்பாலும் ஏதோ சமீபத்திய தேதி. உருவாவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கோப்பு எப்படித் திருத்தப்பட்டிருக்கும்? கணினியின் கடிகாரம் கெட்டுவிட்டதோ, யாராவது கோப்பில் கை வைத்தார்களோ என்று பலர் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். அந்தத் தேதிகளில் தவறு எதுவும் இல்லை. அவை எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதுதான் நாம் நினைப்பதிலிருந்து வேறுபடுகிறது.

இந்த மூன்று தேதிகளும் படத்துக்குள் எழுதப்பட்டவை அல்ல. வட்டு ஒவ்வொன்றிலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, அளவு என்ன என்று குறித்துவைக்கும் ஒரு பட்டியல் உண்டு. தேதிகள் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளலாம். புத்தகம் எந்த ஆண்டு அச்சானது என்பதை அந்தப் பதிவேட்டின் தேதி சொல்லாது. இந்த நூலகத்துக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லும். Created என்பதும் அப்படிப்பட்ட தேதிதான். இந்தப் பிரதி இந்த வட்டில் எப்போது பதிவானது என்பதுதான் அதன் பொருள்.

நம் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் IMG_0412.JPG. கேமரா அதை மெமரி கார்டில் எழுதியது 10 பிப்ரவரி 2019, காலை 6.40-க்கு. இரண்டு நாள் கழித்து அது லேப்டாப்புக்குக் காப்பி ஆனது. 2021-இல் மொத்த ஃபோல்டரும் ஒரு வெளி ஹார்டு டிஸ்குக்குப் போனது. 9 மே 2024 அன்று அங்கிருந்து புதிய கணினிக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் விண்டோஸ் செய்தது ஒன்றேதான்: பழைய கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்தது, புதிய வட்டின் பட்டியலில் புதிய பதிவு ஒன்றைத் திறந்தது, உள்ளடக்கத்தை அங்கே எழுதியது. புதிய பதிவு திறக்கப்பட்ட நேரமே Created ஆனது. கடைசியாக, உள்ளே இருப்பது ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதால், Modified தேதியை மட்டும் பழைய பதிவிலிருந்து எடுத்துப் புதியதில் ஒட்டிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் மூன்று வட்டுகள் தாண்டியும் காலை 6.40 தப்பிப் பிழைத்தது இப்படித்தான்.

ஆகவே Created தேதி Modified தேதிக்குப் பிந்தையதாக இருந்தால், அது காப்பி எடுக்கப்பட்ட கோப்பு என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். ஒரு ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான கோப்புகளின் Created தேதி எல்லாம் ஒரே நாளில், சில நிமிட இடைவெளிக்குள் அடுத்தடுத்து வரிசையாக இருந்தால், அன்றைக்கு மொத்தமாகக் காப்பி நடந்திருக்கிறது.

காப்பி செய்யாமல் கட்-பேஸ்ட் செய்தால்? ஒரே டிரைவுக்குள், C-யில் ஒரு ஃபோல்டரிலிருந்து C-யிலேயே இன்னொரு ஃபோல்டருக்கு நகர்த்தினால், உள்ளடக்கம் இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை. பட்டியலில் எந்த ஃபோல்டரின் கீழ் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. அதனால்தான் பத்து ஜிபி வீடியோவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்ந்துவிடுகிறது. Created, Modified இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு டிரைவிலிருந்து வேறு டிரைவுக்கு நகர்த்துவது வேறு கதை. நகர்த்துவது என்று நாம் சொன்னாலும் கணினி அங்கே காப்பி எடுத்து, பிறகு பழையதை அழிக்கிறது. அப்படியும் எக்ஸ்ப்ளோரரில் கட்-பேஸ்ட் செய்தால் விண்டோஸ் பழைய Created தேதியைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அதே வேலையைக் கட்டளைச் சாளரத்தில் move என்று தட்டிச் செய்தால் Created புதிதாகிவிடும். ஒரே கணினி, ஒரே கோப்பு, ஒரே பயணம். விடை மட்டும் இரண்டு. தேதியைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்பதை வட்டு தீர்மானிப்பதில்லை, காப்பி எடுக்கும் நிரல் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

லினக்ஸில் பழக்கம் இன்னும் மாறுபடும். அங்கே cp என்ற கட்டளை, கேட்காதவரை Modified தேதியையும் காப்பாற்றாது. காப்பி எடுத்த நேரத்தையே போட்டுவிடும். cp -p என்று சொன்னால்தான் பழைய தேதி வரும். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ இறக்கும் கோப்புகளின் நிலையும் பெரும்பாலும் இதுதான். மின்னஞ்சல் சுமந்துவருவது உள்ளடக்கத்தைத்தான், அனுப்பியவரின் வட்டுப் பட்டியலை அல்ல. எனவே அவர் பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதமும் நம் கணினியில் இன்றைய தேதியோடு வந்து இறங்கும்.

மூன்றாவது தேதியான Accessed-ஐ நம்பி யாரையும் சந்தேகிக்கக் கூடாது. என் மேசையில் இல்லாதபோது யாரோ என் கோப்பைத் திறந்தார்கள் என்று இந்தத் தேதியைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வட்டில் ஒரு தேதியை எழுதவேண்டியிருந்தால் கணினி வேகம் குறையும் என்பதற்காக, விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் இந்தப் பதிவை இயல்பாக நிறுத்திவைத்தது. பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில், நாம் மாற்றாதவரை, எழுதுவதா வேண்டாமா என்பதைக் கணினியே முடிவு செய்துகொள்ளும். லினக்ஸ் 2009 முதல் ஒரு நடுவழியைப் பின்பற்றுகிறது: கடைசியாகத் திருத்திய பின் முதன்முறையாகப் படிக்கும்போதோ, முந்தைய குறிப்பு ஒரு நாளுக்கு மேல் பழையதாகிவிட்டாலோ மட்டும் புதுப்பிக்கும். இதற்கு மேல், வைரஸ் தடுப்பு நிரல் கோப்பை ஆராய்ந்தாலும் இந்தத் தேதி மாறலாம். மாறியிருந்தால் மனிதர்தான் திறந்தார் என்பதில்லை. மாறவில்லை என்றால் யாரும் திறக்கவில்லை என்பதுமில்லை.

மெமரி கார்டுகளிலும் பென் டிரைவ்களிலும் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் FAT32 என்ற பழைய முறையில் வருகின்றன. அது நேரத்தை உள்ளூர் நேரமாக மட்டும் குறித்துவைக்கும். எந்த ஊர் நேரம் என்று சொல்லாது. கணினியின் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் பயன்படுத்தும் NTFS முறையோ எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும். இப்போது சென்னையில் காலை 6 மணிக்கு எடுத்த படம் உள்ள கார்டை ஒருவர் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், அந்த ஊர் நேரத்தில் ஓடும் லேப்டாப்பில் காப்பி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் 6 மணி என்று மட்டும் இருப்பதால் லேப்டாப் அதைச் சிங்கப்பூர் 6 மணி என்று எடுத்துக்கொள்ளும். அதே லேப்டாப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து இந்திய நேரத்துக்கு மாற்றினால், படத்தின் Modified அதிகாலை 3.30 என்று நிற்கும். இரண்டரை மணி நேரம் சரியாகக் குறைந்திருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று கண்டுகொள்ளலாம். FAT முறையில் Modified நேரம் இரண்டு விநாடிப் படிகளில்தான் பதிவாகும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவில் இருக்கும் கோப்பும் கணினியில் இருக்கும் அசலும் ஒரு விநாடி வேறுபட்டால், புதிய பதிப்பு வந்துவிட்டதாக எண்ணி சில பேக்கப் நிரல்கள் மறுபடி முழுதாகக் காப்பி எடுப்பது இதனால்தான்.

ஒரு கோப்பை அழித்துவிட்டு, அதே ஃபோல்டரில் அதே பெயரில் உடனே புதிய கோப்பை உருவாக்கினால், புதியதற்குப் பழையதன் Created தேதி வந்துவிடும். பதினைந்து விநாடிக்குள் செய்தால் விண்டோஸ் இப்படி நடந்துகொள்ளும். பிழையல்ல இது, வேண்டுமென்றே வைத்தது. பல நிரல்கள் சேமிக்கும்போது, முதலில் தற்காலிகப் பெயரில் புதிய கோப்பை எழுதி, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். அப்படிச் சேமித்த ஒவ்வொரு முறையும் கோப்பு புதிதாகப் பிறந்ததாகக் காட்டினால் குழப்பம் என்பதால் இந்த ஏற்பாடு. கோப்பின் தேதியை வைத்து ஒரு வழக்கையோ தகராறையோ தீர்க்க நினைப்பவர் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதை எங்கே தேடுவது? படத்துக்குள்ளேதான். கேமராவும் போனும் JPG கோப்பின் உள்ளே EXIF என்ற பகுதியில் எடுத்த தேதியை எழுதிவைக்கின்றன. விண்டோஸில் அது Date taken என்று தெரியும். உள்ளடக்கத்தின் பகுதி என்பதால் எத்தனை காப்பி எடுத்தாலும் அது கூடவே வரும். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கும்போது இந்தக் குறிப்பை நீக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் தப்பும். வேர்டு ஆவணங்களிலும் இதுபோல உள்ளே தனிக் குறிப்பு உண்டு. Properties-இன் Details பகுதியில் Content created, Date last saved என்று தெரியும்.

பல ஆண்டுப் படங்களைப் புதிய வட்டுக்கு மாற்றுபவர்கள், எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப்போடுவதைவிட விண்டோஸிலேயே இருக்கும் robocopy-ஐப் பயன்படுத்துவது நல்லது. அது Created, Modified இரண்டையும் கொண்டுசெல்லும். ஃபோல்டர்களின் தேதிகளையும் காப்பாற்ற /DCOPY பகுதி வேண்டும்.

```
robocopy D:\Photos E:\Photos /E /COPY:DAT /DCOPY:DAT
```

ஏற்கெனவே தேதி தொலைந்துவிட்ட படங்களுக்கும் வழி உண்டு. exiftool என்ற இலவச நிரலை நிறுவினால், படத்துக்குள் இருக்கும் தேதியை எடுத்து Modified இடத்தில் வைத்துவிடலாம்:

```
exiftool "-FileModifyDate<DateTimeOriginal" IMG_0412.JPG
```

முதலில் ஒரே ஒரு படத்தில் இதைச் செய்து, Properties-ஐத் திறந்து தேதி சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் படத்தின் பெயருக்குப் பதில் *.JPG என்று போட்டு முழு ஃபோல்டருக்கும் ஓட்டலாம். வாட்ஸ்அப் வழியே வந்த படங்களில் உள்ளே தேதியே இல்லாததால், அவற்றை இந்தக் கட்டளை தொடாமல் விட்டுவிடும்.