டிடக்டிபிள் பணம் திரும்பி வரும் வழி

கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு சிக்னல். பச்சை விளக்கில் நேராகப் போகிறது ஒரு கார். எதிரே வந்த கார் சட்டென்று இடப்பக்கம் திரும்பி, அதன் பாதையை மறிக்கிறது. நேராக வந்தவரின் காரை ரிப்பேர் செய்ய 8,400 டாலர் செலவு. தன் இன்சூரன்ஸிலேயே கிளைம் போடுகிறார். அதில் 500 டாலர் அவர் கையிலிருந்து போக வேண்டிய டிடக்டிபிள். மீதி 7,900 டாலரையும், கிரேன் செலவு 250 டாலரையும், 12 நாள் வாடகைக் காருக்கு 480 டாலரையும் கம்பெனி கொடுத்துவிடுகிறது.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் அங்கே நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். பணம் கொடுத்த கம்பெனி இப்போது வாடிக்கையாளரின் இடத்தில் நின்று, தப்பு செய்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அந்தப் பணத்தைக் கேட்கலாம். இந்த உரிமைக்கு சப்ரோகேஷன் என்று பெயர். நம் ஊரில் இப்படிக் கடிதம் போவது அபூர்வம். வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தை அவரவர் கம்பெனியே பார்த்துக்கொள்வது என்று இங்கே கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன.

முதல் கடிதத்தில் தொகையே இருக்காது. ‘இந்த விபத்தில் எங்களுக்கும் உரிமை உண்டு’ என்ற அறிவிப்பு மட்டும், ரிப்பேர் முடியும் முன்பே போய்விடும். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. எதிர்க் கம்பெனி கார்க்காரரை நேராக அழைத்து, ஒரு சிறு தொகையைக் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கிவிடலாம். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் அவருடைய கம்பெனியின் உரிமையும் அதோடு போய்விடக்கூடும். அறிவிப்பு முன்னரே கையில் இருந்தால் எதிர்க் கம்பெனியால் அந்தக் காகிதத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அடுத்தது பணம் கேட்கும் கடிதம். அதில் யார் மீது தப்பு என்று சொல்லும் பத்தி சின்னதாக இருப்பதே நல்லது. இங்கே ஒரு விதி போதும்: இடப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 21801-ஆம் பிரிவு அது. அதை நிரூபிப்பது தகரத்தில் விழுந்த நெளிவு. திரும்பிய காரின் வலப்பக்க முன் மட்கார்டில் அடி என்றால், எதிரே வண்டி நெருங்கிய பிறகு குறுக்கே புகுந்திருக்கிறார் என்று வாதாடலாம். அடி பின்சக்கரத்துக்கு அருகே என்றால் கதை மாறும். “நாங்கள் ஏறக்குறைய கடந்துவிட்டோம், நீங்கள் பிரேக் போட்டிருக்கலாம்” என்பார்கள். அனுபவமுள்ள அட்ஜஸ்டர் வாக்குமூலத்துக்கு முன்பே போட்டோவைப் பார்ப்பார்.

தொகையில் டிடக்டிபிளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. ஆக மொத்தம் 9,130 டாலர். ரிப்பேர் பில்லில் பெரிதாகச் சண்டை வராது. வாடகைக் காரில் வரும். பில்லில் 30 மணி நேர வேலை என்றிருந்தால், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வேலை என்று வைத்து ஆறு நாள், ஒரு வாரக்கடைசி சேர்த்து எட்டு நாள், மீதி நாலு நாளுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்று கேட்பார்கள். கதவு வந்து சேரத் தாமதமானது என்று பட்டறை அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருந்தால் அந்த 160 டாலர் தப்பிக்கும்.

முழுப் பணம் வருவது அரிது. நேராக வந்தவர் கொஞ்சம் வேகமாக வந்தார் என்று ஒரு சாட்சி சொல்லியிருந்தால், “உங்கள் மீது 20 சதவீதம்” என்று பதில் வரும். கலிபோர்னியாவில் தப்பின் பங்குக்கு ஏற்பப் பணம் குறையும். இரண்டு கம்பெனிகளும் ஆர்பிட்ரேஷன் ஃபோரம்ஸ் என்ற அமைப்பில் உறுப்பினர்கள் என்றால், இத்தகைய வழக்கு கோர்ட்டுக்குப் போகாது. நடுவர் ஒருவர் காகிதங்களைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தும். 80 சதவீதம் என்று முடிந்தால் வரும் தொகை 7,304 டாலர். அதில் கம்பெனிக்கு 6,904, கார்க்காரரின் டிடக்டிபிளில் 400.

கம்பெனி துரத்தாமலே விட்டுவிடுவதும் உண்டு. டிடக்டிபிள் கட்டியவருக்கு அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது கலிபோர்னியா விதி. அந்தத் தாள் வந்தால் டிடக்டிபிளை மீட்பது இனி அவர் பாடு. தப்பு செய்த ஓட்டுநர் மீது சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே அவர் வழக்குப் போடலாம். சொத்துச் சேதத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.