‘5’ஐ அமுக்கினால் இரண்டு பேர் பாடுகிறார்கள்

பெரியப்பா வீட்டு லேண்ட்லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டன் வைத்த போன். போன வாரம் அதன் ரிசீவரை எடுத்து, என் மொபைலில் ரிக்கார்டரை ஓடவிட்டு அதன் பக்கத்தில் வைத்து, 5ஐ அமுக்கினேன்.

“யாருக்குடா போன்?” என்றார் பெரியப்பா.

“யாருக்கும் இல்ல பெரியப்பா, சும்மா சத்தம் புடிக்கறேன்.”

அவர் பார்த்த பார்வையை விடுங்கள். ரிக்கார்டிங்கை லேப்டாப்பில் ஏற்றி, ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருளில் திறந்தேன். ஒரு கோடு வரும் என்று பார்த்தால் இரண்டு கோடுகள்! கீழே 770 ஹெர்ட்ஸில் ஒன்று, மேலே 1336இல் ஒன்று. ஆட்டம் அசைவில்லாமல் நேராக ஓடுகின்றன. இத்தனை வருஷமாக ஒரே ‘பீப்’ என்று நான் நம்பிக்கொண்டிருந்தது இரண்டு பேர் சேர்ந்து பாடும் பாட்டு.

எல்லா எண்களையும் அமுக்கிப் பார்த்தேன். (பெரியப்பா டீ குடிக்கப் போய்விட்டார்.) குட்டு வெளிப்பட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடித்த குரல், ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மெல்லிய குரல். அமுக்கிய பட்டன் எந்த வரிசையும் எந்தப் பத்தியும் சந்திக்கும் இடமோ, அந்த இரண்டு குரலும் ஒன்றாக எழும்.

```
       1209  1336  1477
 697     1     2     3
 770     4     5     6
 852     7     8     9
 941     *     0     #
```

பன்னிரண்டு பட்டன், ஏழே குரல். அமெரிக்காவின் பெல் கம்பெனி 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் இதை முதன்முதலாக விற்பனைக்கு விட்டபோது பட்டன் பத்துதான். நட்சத்திரமும் # குறியும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. அந்தக் காலத்து போன்களில் ஒரு வேடிக்கை உண்டு. 4ஐயும் 5ஐயும் சேர்த்து அமுக்கினால் பத்திக் குரல்கள் அடங்கிப்போகும். வரிசைக் குரலான 770 மட்டும் தனியே கேட்கும். எக்ஸ்சேஞ்ச் அதைச் சட்டையே செய்யாது.

ஏன் சட்டை செய்யாது? அங்கேதான் சங்கதி இருக்கிறது. எண்ணுக்கு ஒரு குரல் என்று கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சுழற்றும் டயல் காலத்தில் எண் போனது மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து. பேச்சோடு அது குழம்ப வழியில்லை. டோன் அப்படியல்ல. பேச்சு போகும் அதே கம்பியில், பேச்சு போகும் அதே அலைவரிசைக்குள் போகிறது. பட்டனை அமுக்கும் நொடியில் போன் மைக்கை அடக்கிவிடும், சரி. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில்? மைக் திறந்துதான் கிடக்கும். குழந்தை அழும், குக்கர் விசிலடிக்கும், யாராவது பாடுவார்கள். எக்ஸ்சேஞ்சில் எண்ணுக்காகக் காத்திருக்கும் கருவி அதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தனிக் குரலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே பெல் கம்பெனியிடமே சாட்சி இருக்கிறது. அவர்களுடைய வெளியூர் லைன்களில் அப்போது 2600 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றை டோனுக்கு ‘லைன் சும்மா இருக்கிறது’ என்று அர்த்தம். பிறவியிலேயே பார்வையில்லாத ஜோ எங்க்ரசியா என்ற பையன் ஏழெட்டு வயதில் போனில் விசிலடித்தான். அழைப்பு சட்டென்று அறுந்தது. சுருதி பிசகாத காது அவனுக்கு. வாயாலேயே 2600ஐப் பிடித்துவிட்டான்! பிற்பாடு, தானிய உணவுப் பெட்டிக்குள் இனாமாகக் கிடைத்த பொம்மை விசிலும் அதே வேலையைச் செய்தது. வாய் விசிலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். 770ஐயும் 1336ஐயும் ஒன்றாக விசிலடியுங்கள் பார்க்கலாம்.

விசிலை ஒதுக்கியாகிவிட்டது. பேச்சுக் குரல்? அதில் ஒரே நேரத்தில் நூறு சுரம் இருக்கிறதே!

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தேன், போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. ஒருவர் 110 ஹெர்ட்ஸில் ‘ஆ’ என்று இழுக்கிறார். ஆண் குரலுக்குச் சாதாரணமான சுருதி. அந்தக் குரலில் 110 மட்டும் இல்லை. அதன் மடங்குகள் எல்லாம் உண்டு. ஏழாவது மடங்கு 770. அச்சாக ‘5’இன் கீழ்க் குரல்! பன்னிரண்டாவது மடங்கு 1320. மேல் குரல் 1336 ஆயிற்றே என்றால், கருவி ஒன்றரை சதவீதம் வரை பிசகைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 1320 அதற்குள் வந்துவிடுகிறது. ஆக, ஒரு மனிதர் ‘ஆ’ என்றாலே ‘5’ விழுந்துவிட வேண்டும்.

விழுவதில்லை. பதினோராவது மடங்கு 1210 இருக்கிறதே, அது 1209க்கு ஒட்டினாற்போல் நிற்கிறது. கருவி முதலில் ஒலியைக் கீழ்க் குழு, மேல் குழு என்று இரண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு குரல் ஓங்கி நிற்க வேண்டும்; பக்கத்தில் வேறு எதுவும் கூச்சல் போடக்கூடாது. நம்மாளின் மேல் குழுவில் 1210, 1320, 1430 என்று ஒரு கூட்டமே நிற்கிறது. தள்ளுபடி! தப்பித்தவறிக் கூட்டம் இல்லாவிட்டாலும், இரண்டு குரலும் ஏறக்குறைய சம பலத்தில், சுமார் 40 மில்லி வினாடியாவது ஆடாமல் நிற்க வேண்டும். பேச்சில் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். இத்தனையையும் தாண்டி எப்போதாவது ஒரு குரல் உள்ளே நுழைந்துவிடுவதும் உண்டு. அதற்கு ‘டாக் ஆஃப்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

697, 770 என்று ஏன் இந்த அசிங்கமான எண்கள், 700, 800 என்று வைத்தால் ஆகாதா? ஆகாது. 700இன் இரண்டாவது மடங்கு 1400, 800க்கு 1600. உருண்டை எண்களை எடுத்தால் ஒன்றின் மடங்கு இன்னொன்றின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு குழுவிலும் அடுத்தடுத்த குரல்களை 19க்கு 21 என்ற விகிதத்தில் அடுக்கினார்கள். 697இன் இரட்டிப்பு 1394. அது 1336க்கும் 1477க்கும் நடுச்சந்தியில் அநாதையாக நிற்கிறது. 770இன் இரட்டிப்பு 1540, அதுவும் யாருக்கும் சொந்தமில்லை. அந்த விகிதம் ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதிகம், இரண்டு கட்டைக்கும் குறைவு. டயல் சத்தம் எந்த ராகத்திலும் சேராமல் கரகரப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அபஸ்வரத்தை வேண்டுமென்றே தேடிப் பிடித்திருக்கிறார்கள், பாருங்கள்!

மேல் குரல் கொஞ்சம் சத்தமாகவே அனுப்பப்படுகிறது. நீளமான கம்பியில் மெல்லிய குரல்தான் முதலில் தேயும். போய்ச் சேரும்போது சமமாக இருக்கட்டும் என்ற முன்யோசனை. அப்புறம், 1633 ஹெர்ட்ஸில் நாலாவது பத்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க ராணுவத் தொலைபேசியில் அவசர அழைப்புக்கு வழிவிடச் சொல்லும் பட்டன்களுக்கு அது பயன்பட்டது. நம் வீட்டுப் போனில் அது கிடையாது.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். “அப்ப உன் செல்லுலயும் இப்படித்தானா?” என்றார். அவர் கேட்ட கேள்விகளில் சிறந்தது அதுதான்.

மொபைலில் நம்பர் போட்டுக் கூப்பிடும்போது டோனுக்கு வேலையே இல்லை. எண் முழுவதும் தகவலாகப் போகிறது. ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று கேட்கும் இடத்தில் டோன் வேண்டும்தான். ஆனால் மொபைல் மனிதக் குரலுக்கென்று ஒலியைக் கசக்கிச் சுருக்கி அனுப்புகிறது. இந்த இரட்டைக் குரல் அதில் சிதைந்துபோகலாம். அதனால் ஜிஎஸ்எம் போன், “ஒன்று அமுக்கியிருக்கிறார்” என்று ஒரு செய்தியை மட்டும் அனுப்பும். 697ஐயும் 1209ஐயும் புதிதாக எழுப்பி அந்தப் பக்கம் கேட்கவைப்பது நெட்வொர்க்கில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச்.

“அப்ப செல்லுல எனக்குக் கேக்குற சத்தம்?”

“அது உங்களுக்காக மட்டும் பெரியப்பா. பாடுறது எக்ஸ்சேஞ்ச். உங்க செல் சும்மா வாயசைக்குது.”