கொடுத்தலும் எடுத்தலும்: யோபு 1:21உம் அடக்க ஆராதனையும்

துக்க வீட்டில் யோபு 1:21 ஏதேனும் ஒரு வடிவில் ஒலிக்காமல் இருப்பது அரிது. ஆராதனை முறைமையில் அது உள்ளது. இரங்கல் அறிவிப்புகளில் அச்சிடப்படுகிறது. ஆறுதல் கூற வருவோரும் அதையே சொல்லிச் செல்கின்றனர். வசனம் ஒன்றே எனினும், சொல்பவர் மாறும்போது அதன் பொருளும் மாறிவிடுகிறது. தன் பத்துப் பிள்ளைகளையும் இழந்த ஒருவன் அதைத் தன்னைக் குறித்துச் சொன்னான். நாமோ பெரும்பாலும் பிறருடைய இழப்பைக் குறித்து அதைச் சொல்லுகிறோம். இவ்வேறுபாடு எத்தகையது என்பதைத் திருமறைப் பகுதியிலிருந்தும் வழிபாட்டு வரலாற்றிலிருந்தும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. வசனம் நிற்கும் இடம்

முதலாம் அதிகாரத்தில் நான்கு தூதுவர் அடுத்தடுத்து வருகின்றனர். சபேயர் எருதுகளையும் கழுதைகளையும் கொண்டுபோனதாக முதலாமவனும் (வச. 15), கல்தேயர் ஒட்டகங்களைக் கொண்டுபோனதாக மூன்றாமவனும் (வச. 17) அறிவிக்கின்றனர். இவ்விரு இடங்களிலும் எபிரேய மூலத்தில் உள்ள வினை ‘லாக்கஹ்’ என்பதாகும். ‘எடுத்தார்’ என யோபு கூறும்போதும் அதே வினையே வருகிறது. சபேயர் எடுத்தனர், கல்தேயர் எடுத்தனர் என்று கேட்டவன், கர்த்தர் எடுத்தார் என்கிறான். கொள்ளையரை அவன் அறியாதவன் அல்லன். அவர்களையும் கடந்து, கொடுத்தவரிடமே நேரடியாகச் செல்லுகிறான். அது வழக்கை விசாரித்து எழுதிய தீர்ப்பன்று, விசுவாசத்தின் அறிக்கை.

‘ஸ்தோத்திரம்’ என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. யோபு தேவனைத் தூஷிப்பான் என்று 1:11இல் சாத்தான் கூறுமிடத்தில், மூலத்தில் உள்ளது ‘ஆசீர்வதித்தல்’ என்னும் பொருளுடைய வினையே. தேவனைச் சபித்தல் எனச் சொல்லவும் கூசி இடக்கரடக்கலாக அமைத்த வழக்கு அது. யோபுவின் வாய் அதே வினையை அதன் நேர்ப்பொருளிலேயே வழங்குகிறது. சாத்தான் முன்னறிவித்த சொல் வந்தது; அவன் எண்ணிய பொருளில் வரவில்லை. ஆகவே இவ்வசனத்தின் வலிமை, மரணத்திற்கு அது விளக்கம் தருவதில் இல்லை. எந்த ஆதாயமும் எஞ்சாத நிலையிலும் ஒருவன் தேவனை விட்டு விலகவில்லை என்பதில் இருக்கிறது.

அடக்கப் பிரசங்கங்கள் பெரும்பாலும் தொடாத வசனம் 2:3. முகாந்தரமின்றி யோபுவை அழிக்கத் தாம் ஏவப்பட்டதாக அங்கே கர்த்தரே சாத்தானிடம் கூறுகிறார். காரணம் இல்லை எனத் தேவனே சொன்ன இடத்தில், காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு பிரசங்கிக்கு உரியதன்று.

2. அடக்க முறைமையில் இதன் இடம்

1549ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொதுவழிபாட்டு நூல், அடக்க ஆராதனையின் தொடக்கத்தில் மூன்று வாக்கியங்களை அமைத்தது. முதலாவது யோவான் 11:25-26. இரண்டாவது யோபு 19:25-27. மூன்றாவது, 1 தீமோத்தேயு 6:7உம் யோபு 1:21உம் இணைந்தது. குருவானவர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் உடலை எதிர்கொண்டு, அதற்கு முன்பாக நடந்துகொண்டே இவற்றைச் சொல்ல வேண்டும். இதில் இரண்டு செய்திகள் உள்ளன. உயிர்த்தெழுதலின் வாக்குத்தத்தம் முன்னே சென்ற பின்னரே யோபுவின் சொல் வருகிறது. அது தனித்து நிற்பதில்லை. மேலும், அது துக்கிப்போரை நோக்கிய உபதேசமாக அமையவில்லை; ஒன்றும் கொண்டுவராமலும் ஒன்றும் கொண்டுபோகாமலும் செல்லும் மானிடர் அனைவரின் அறிக்கையாக, நடந்துசெல்லும் திருச்சபையின் வாயில் வைக்கப்பட்டது.

அந்நூலில் ‘எடுத்தார்’ என்பதை அடுத்து, கர்த்தருக்குச் சித்தமானபடியே யாவும் நிகழ்கின்றன என்னும் பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அது எபிரேய மூலத்தில் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தில் காணப்படுவது. 1662ஆம் ஆண்டின் நூலில் அவ்வாக்கியம் இல்லை. ஏட்டிலிருந்து அது நீங்கியபோதிலும், ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்று நாம் இவ்வசனத்தோடு கூட்டிச் சொல்லும்போதெல்லாம் அதையே மீண்டும் சேர்க்கிறோம். யோபு அறிக்கையிட்டதற்கும் இவ்விளக்கத்திற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

தமிழில் மற்றொரு மயக்கமும் நேருகிறது. ‘எடுத்தார்’ என்பது ‘எடுத்துக்கொண்டார்’ என எளிதில் மாறிவிடுகிறது. ஏனோக்கைத் தேவன் எடுத்துக்கொண்டார் என்னும் ஆதியாகமம் 5:24இலும் எபிரேய வினை ‘லாக்கஹ்’தான், ஆனால் அங்கே தம்மிடம் சேர்த்துக்கொண்டார் என்பது பொருள். யோபு 1:21 அதைக் கூறவில்லை. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டதையே யோபு சொல்லுகிறான். மரித்தோர் சென்ற இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையைக் கூற விரும்புவோர் யோவான் 11இல் இருந்தோ 1 தெசலோனிக்கேயர் 4இல் இருந்தோ கூறுவதே முறை.

3. யோபு இச்சொல்லோடு நிற்கவில்லை

தாயின் கர்ப்பத்தை அமைதியோடு நினைவுகூர்ந்த அதே யோபு, மூன்றாம் அதிகாரத்தில் அக்கர்ப்பத்திலேயே தான் ஏன் சாகவில்லை என்று கேட்கிறான். 9:12இல் தேவன் ‘எடுப்பவர்’ அல்லர், ‘பறிப்பவர்’. அவரைத் தடுப்பார் யார் என்று முறையிடுகிறான். முதற்சொல்லை அவன் திரும்பப் பெறவுமில்லை. அதனால் தன் வாயை அடைத்துக்கொள்ளவுமில்லை. சிநேகிதரோ ஏழு நாள் மௌனமாகத் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றே செய்தனர். தேவனுக்காக வாதாடத் தொடங்கிய பின்னரே கடிந்துகொள்ளப்பட்டனர் (42:7). அடக்க ஆராதனை நடத்தும் ஆயர், யோபுவின் முதற்சொல்லை எடுத்துக்கொண்டு சிநேகிதரின் இருக்கையில் அமர்ந்துவிடலாகாது.

யூதர் இவ்வசனத்தை அடக்க வேளையில் சொல்லும் மன்றாட்டில் சேர்த்துள்ளனர். நீதிமொழிகள் 31:10க்கு உரிய மித்ராஷ் விளக்கத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரபி மேயரின் குமாரர் இருவரும் ஓய்வுநாளில் இறந்துவிடுகின்றனர். அந்நாள் முடியும்வரை மனைவி அதை மறைத்து, பிறகு, ஒருவர் தந்த அடைக்கலப்பொருளை அவர் கேட்கும்போது திருப்பித் தர வேண்டுமா என்று கணவரிடம் வினவுகிறாள். தந்தாக வேண்டும் என்ற பின்னரே பிள்ளைகளைக் காட்டுகிறாள். அவர் கதறும்போது இவ்வசனத்தைச் சொல்லுகிறாள். அவளும் அப்பிள்ளைகளைப் பெற்றவள். அதனால் அச்சொல் அவள் வாயில் பொருந்துகிறது.

4. ஆயருக்கு

மதுபோதையில் ஓட்டப்பட்ட லாரி மோதி ஓர் இளைஞன் இறந்தான் எனக் கொள்வோம். பிரசங்கத்தில் ‘கர்த்தர் எடுத்தார்’ என்று மட்டும் ஆயர் கூறினால், ஓட்டுநரின் குற்றம் கர்த்தர்மேல் ஏற்றப்படுகிறது. வழக்குத் தொடர நினைக்கும் தகப்பனும் விசுவாசக் குறைவுள்ளவனாகக் காணப்படுகிறான். வரதட்சணைக் கொடுமையால் இறந்த பெண்ணின் அடக்கத்தில் இத்தீங்கு இன்னும் கொடியது. எளியோரைக் கொல்லும் கொலைபாதகனை யோபுவே 24ஆம் அதிகாரத்தில் பெயர் சொல்லாமல் சுட்டி முறையிடுகிறான் என்பதை மறக்கலாகாது.

இத்தகைய வேளையில் வசனத்தை முறைமையில் உள்ள இடத்திலேயே, உயிர்த்தெழுதலின் வாக்கியத்தை அடுத்து வாசித்து நிறுத்திவிடலாம். பிரசங்கத்திற்குச் சங்கீதம் 13 அல்லது 88, அல்லது தன்னோடு ஏன் வழக்காடுகிறீர் என்று தேவனையே கேட்கும் யோபு 10 பொருந்தும். இளைஞனின் தாய் தானாகவே இவ்வசனத்தைச் சொன்னால், அதைப் பயபக்தியோடு ஏற்று, மேலும் ஒன்றும் சேர்க்காதிருப்பதே நலம். மறுவாரம் அதே தாய் தேவனைக் கடிந்து பேசினால், முதற்சொல் பொய்யாயிற்று எனக் கருத வேண்டியதில்லை. யோபுவின் நூலும் அவ்வழியே செல்லுகிறது. தொண்ணூறு வயது நிறைந்து மரித்தவரின் அடக்கத்தில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நன்றியோடு நிற்கும்போது, இவ்வசனத்தின்மேல் பிரசங்கிப்பதற்குத் தடை இல்லை. அங்கே ‘கொடுத்தார்’ என்னும் முதற்சொல்லில் தொடங்கி, கொடுக்கப்பட்ட அந்த வாழ்வைக் குறித்து விரிவாகப் பேசலாம். அவ்விடத்திலும், ஸ்தோத்திரத்தைச் சொல்லும் உரிமையை முதலில் துக்கிப்போருக்கே விட்டுவிட வேண்டும்.