பணம் எங்கே நிற்கிறது?

பணம் அனுப்பும் செயலியில் சிவப்புக் குறியோடு ‘Payment failed’ என்று வரும் திரையைப் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் மகனுக்கோ தெரிந்த வங்கி ஊழியருக்கோ வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது இன்று வீட்டுக்கு வீடு நடப்பதுதான். படத்தைப் பெறுபவர் பெரும்பாலும் ‘ஏன் போகவில்லை’ என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்குகிறார். அனுப்பியவருக்குக் காரணத்தில் அவ்வளவு அக்கறை இருப்பதில்லை. கணக்கிலிருந்து பணம் பிடிபட்டுவிட்டதா, பிடிபட்டிருந்தால் எப்போது திரும்பும், கடைக்காரர் எதிரே நிற்கும்போது மறுபடியும் அனுப்பலாமா என்பவையே அவருடைய கேள்விகள். இந்த மூன்றுக்கும் அந்தப் படத்தில் நேரடியான விடை கிடையாது.

காரணம் பணம் போகும் வழியில் இருக்கிறது. யுபிஐ முறையில் செயலி பணத்தைத் தொடுவதே இல்லை. உத்தரவை மட்டுமே கடத்துகிறது. ரகசிய எண்ணை அழுத்தியதும் உத்தரவு தேசியப் பணப்பட்டுவாடா கழகத்தின் மையத்துக்குப் போகிறது. மையம் முதலில் அனுப்புபவரின் வங்கியிடம் தொகையைக் கழிக்கச் சொல்லும். கழித்தாயிற்று என்று பதில் வந்த பிறகே பெறுபவரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்லும். அங்கிருந்தும் பதில் வந்தால்தான் செயலியில் பச்சைக் குறி தோன்றும். ஆகவே இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டது என்பதைப் பொறுத்தே பணம் எங்கே நிற்கிறது என்பது முடிவாகிறது.

ரகசிய எண் தவறு, இருப்பு போதாது, அன்றைய வரம்பு தாண்டிவிட்டது, அனுப்புபவரின் வங்கி சர்வர் பதில் தரவில்லை என்று திரை சொன்னால், தடை பெரும்பாலும் முதல் படியிலேயே நேர்ந்திருக்கும். பணம் கணக்கை விட்டு நகர்ந்திருக்காது. பெறுபவரின் வங்கி வரவு வைக்க மறுத்திருந்தால் கதை வேறு. அதற்குள் தொகை கழிந்திருக்கும். மையம் அனுப்புபவரின் வங்கிக்கு, கழித்ததைத் திருப்பி வை என்று உடனே இன்னொரு உத்தரவு போடும். பல சமயம் சில நிமிடங்களில் இது முடிந்துவிடுகிறது. பணம் பிடிக்கப்பட்டதாக வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதறியவர்கள், அதன் பின்னாலேயே வந்த திருப்பி வைத்த செய்தியைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு.

உண்மையில் சிக்கலானது சிவப்புக் குறி அல்ல, ‘Pending’ அல்லது ‘Processing’ என்ற மஞ்சள் நிறத் திரைதான். பெறுபவரின் வங்கிக்கு உத்தரவு போய்விட்டது, பதில் வரவில்லை என்பது இதன் வழக்கமான பொருள். அந்த வங்கி வரவு வைத்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தவறியிருக்கலாம். வரவே வைக்காமலும் இருக்கலாம். வங்கிகள் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை மையத்துக்கே இது தெரியாது. இந்த நிலையில் மறுபடியும் அனுப்பி, முதல் தொகையும் பின்னர் போய்ச் சேர்ந்துவிட்டால், இரண்டும் வெற்றி பெற்ற பரிவர்த்தனைகள். தானாகத் திரும்புவதற்கு அங்கே எதுவும் இல்லை. கடைக்காரர் மனமுவந்து தந்தால்தான் உண்டு.

ஓர் உதாரணத்தில் இது தெளிவாகும். தென்காசியில் ஒருவர் மார்ச் 6ஆம் தேதி மாலை மருந்துக் கடையில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து 1,840 ரூபாய் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ‘Failed’, குறுஞ்செய்தியிலோ 1,840 ரூபாய் பிடிக்கப்பட்டதாகத் தகவல். கடையின் ஒலிப்பெட்டி வாய் திறக்கவில்லை. சென்னையில் இருக்கும் மகளுக்குப் படம் போகிறது. மகள் முதலில் செய்யச் சொல்ல வேண்டியது, வங்கியின் சொந்தச் செயலியிலோ பாஸ்புக்கிலோ இருப்பைப் பார்ப்பது. சிறு தொகைகளுக்குச் சில வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை என்பதால் செய்தி வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இருப்பு குறையவில்லை என்றால் மறுபடி செலுத்தலாம். குறைந்திருந்தால், கடைக்காரர் தம் கணக்கில் வரவு இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு, மருந்து அவசரம் என்றால் ரொக்கமாகக் கொடுப்பதே நல்லது. அப்போதும் முதல் தொகை பிறகு வந்து சேர்ந்தால் திருப்பித் தருமாறு சொல்லிவைப்பதில் தவறில்லை.

இனி, எப்போது திரும்பும்? இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை விடை தருகிறது. அது அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் கழிந்தும் போய்ச் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்கு உறுதித் தகவல் வரவில்லை என்றால் ஐந்து நாள் அவகாசம். நாள் என்பது இங்கே காலண்டர் நாள். ஞாயிறு, பண்டிகை என்று விலக்கு இல்லை. கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலேயே. மேலே சொன்ன 1,840 ரூபாய்க்குக் கெடு மார்ச் 11. பணம் 14ஆம் தேதிதான் வந்தது என்றால், மூன்று நாளுக்கு 300 ரூபாய் சேர்த்து வர வேண்டும். இது தானாக வரவில்லை என்றால் கேட்டுப் பெறலாம். இப்படி ஒன்று இருப்பது தெரியாததால்தான் பலர் கேட்பதில்லை. கடை தன் சொந்தக் கணக்கின் குறியையே ஒட்டிவைத்திருந்தால், அது கடைக்கான பணமாக இல்லாமல் தனிநபர் பரிமாற்றமாகக் கணக்கில் ஏறலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்போது கெடு மறுநாளே.

இதற்கெல்லாம் படத்தில் அவசியம் தெரிய வேண்டியது சிவப்புக் குறி அல்ல. தேதி, நேரம், தொகை, எந்த வங்கிக் கணக்கு என்பவற்றோடு, UTR என்று குறிப்பிடப்படும் 12 இலக்க எண் வேண்டும். வங்கி தன் பதிவேட்டில் பரிவர்த்தனையைத் தேடிப்பிடிப்பது அதை வைத்துத்தான். அவசரத்தில் எடுத்த படத்தில் இந்த எண்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து அந்த வரியைத் தொட்டால் கிடைக்கும். அதே பக்கத்திலேயே புகார் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. முதல் புகாரை அங்கே பதிவு செய்து, தீரவில்லை என்றால் தம் வங்கியில் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை.

படத்தை யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். சமூக ஊடகத்தில் பொதுவாகப் பதிவிட்டால், செல்பேசி எண்ணோ யுபிஐ முகவரியோ தெரியும் அந்தப் படம் மோசடிக்காரர்களுக்கு விலாசம் எழுதிய அழைப்பு. வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசுகிறோம், பணத்தைத் திருப்ப ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று அழைப்பு வரும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண்களிலும் இதே வலை விரிக்கப்பட்டிருப்பது உண்டு. திரும்பி வரும் பணத்துக்கு ரகசிய எண் தேவையே இல்லை. அது கணக்கிலிருந்து கழிப்பது, இருப்பைப் பார்ப்பது போன்றவற்றுக்கே கேட்கப்படும். அப்படி ஏமாந்துவிட்டால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை ஆகாது, மேலே சொன்ன கெடுவும் இழப்பீடும் அதற்குப் பொருந்தா. உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரைப் பதிவு செய்து, தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.